ஃபாயில் மூடிப் பாதி, திறந்து பாதி: பொன்னிறச் சீஸ் மேற்புறத்துடன் காய்கறி பாஸ்தா பேக்

ஓவனில் வேகும் பாஸ்தாவோ காய்கறியோ சொதப்பினால் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான் நடந்திருக்கும். மேலே சீஸ் கருகி, நடுவில் கரண்டி விட்டால் உள்ளே வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். இல்லையென்றால் உள்ளே நன்றாக வெந்திருக்கும், மேலே மட்டும் வெளிறிய ரப்பர் படலம் போல சீஸ் கிடக்கும். இரண்டுக்கும் மூலம் ஒன்றே. உள்ளே சூடாவது ஒரு வேலை, மேலே சிவப்பது வேறொரு வேலை. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யச் சொன்னால் ஓவன் ஏதாவது ஒன்றைத்தான் ஒழுங்காகச் செய்யும்.

ஈரம் இருக்கும் இடம் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டிச் சூடாகாது. வருகிற வெப்பமெல்லாம் நீரை ஆவியாக்குவதில் செலவாகிவிடும். சீஸ் வேகமாகச் சிவக்க ஏறத்தாழ 140 டிகிரி வேண்டும், அதாவது மேற்பரப்பு காய்ந்திருக்க வேண்டும். ஃபாயிலால் மூடியிருக்கும்போது ஆவி வெளியேறாமல் உள்ளேயே சுற்றுவதால் பாஸ்தா காயாமல் நடுவரை சீராகச் சூடேறும், ஆனால் எவ்வளவு நேரம் வைத்தாலும் மேலே சிவக்காது. திறந்ததும் மேற்புறம் காய்ந்து நிறம் ஏறத் தொடங்கும். சாஸ் எவ்வளவு நீர்க்க இருக்க வேண்டும், பாஸ்தாவை எப்போது வடிக்க வேண்டும், சீஸை எப்போது தூவ வேண்டும் என்பதெல்லாம் இந்த இரண்டு கட்டங்களை வைத்தே முடிவாகின்றன.

கீழே வருவது காலிஃபிளவரும் காளானும் சேர்த்த பென்னே பாஸ்தாவின் அளவு. 23 × 33 சென்டிமீட்டர், 5 சென்டிமீட்டர் ஆழமுள்ள பேக்கிங் பாத்திரத்துக்கு, ஆறு பேருக்குச் சரியாக வரும்.

தேவையானவை

- பென்னே பாஸ்தா: 300 கிராம்
- காலிஃபிளவர்: சிறு பூக்களாகப் பிரித்தது 350 கிராம்
- பட்டன் காளான்: 250 கிராம்
- வெங்காயம் ஒன்று, சிவப்புக் குடைமிளகாய் ஒன்று
- பூண்டு: 3 பல்
- வெண்ணெய்: 50 கிராம்
- மைதா: 50 கிராம்
- பால்: 900 மில்லி
- பாஸ்தா வேகவைத்த தண்ணீர்: 100 மில்லி
- சாஸில் கலக்க, துருவிய செடார் சீஸ்: 100 கிராம்
- மேலே தூவ, துருவிய மொசரெல்லா 150 கிராம், பார்மேசான் 30 கிராம்
- எண்ணெய், உப்பு, மிளகுத்தூள், சிட்டிகை ஜாதிக்காய்த்தூள்

காய்கறியின் தண்ணீரை முன்பே வெளியேற்றுவது

பாத்திரத்தின் அடியில் தண்ணீர் நின்றால் பலரும் சாஸைத்தான் குறை சொல்வார்கள். உண்மையில் அது காய்கறியிலிருந்து வந்த தண்ணீராகத்தான் இருக்கும். காளான், சுக்கினி, தக்காளி, கீரை ஆகியவற்றின் எடையில் பத்தில் ஒன்பது பங்கோ அதற்கும் மேலோ நீர்தான். ஃபாயிலுக்குள் அது வெளியே வந்தால் ஆவியாகிப் போக வழி கிடையாது, நேராகச் சாஸில் கலந்து அதை நீர்க்க வைத்துவிடும்.

அதனால் ஓவனை முதலில் 220 டிகிரிக்குச் சூடாக்கி, காலிஃபிளவரை ஒரு மேசைக்கரண்டி எண்ணெயும் அரை தேக்கரண்டி உப்பும் சேர்த்துப் பிசறி, அகலமான தட்டில் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் பரப்பி 18 முதல் 20 நிமிடம் வாட்டுங்கள். ஓரங்கள் பழுப்பாகி, காம்பில் கத்தி குத்தினால் லேசாகத் தடுத்து இறங்க வேண்டும். முழுதாக வெந்துவிடக் கூடாது, மிச்ச வேக்காடு பிறகு கிடைக்கும். வெந்நீரில் போட்டும் எடுக்கலாம்தான், ஆனால் பூவின் இடுக்குகளில் தண்ணீர் தங்கிவிடும். அப்படிச் செய்தால் சுத்தமான துணியில் பரப்பிப் பத்து நிமிடமாவது உலரவிட வேண்டும். ஓவன் எப்படியும் சூடாகத்தானே போகிறது என்பதால் வாட்டுவதே சுலபம், ருசியும் கூடும்.

காளானைத் தடிமனாக நறுக்கி, அகலமான வாணலியில் எண்ணெய் இல்லாமல் பெரிய தீயில் போடுங்கள். முதல் சில நிமிடங்களில் தண்ணீர் விட்டுச் சொதசொதவென்று ஆகும். அது முழுதும் வற்றி, வாணலியில் சுருசுரு சத்தம் கேட்கும் வரை வதக்க எட்டு முதல் பத்து நிமிடம் ஆகும். அதன்பிறகு ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, நறுக்கிய வெங்காயம், குடைமிளகாய் சேர்த்து ஆறு நிமிடம், கடைசி ஒரு நிமிடம் பூண்டு சேர்த்து வதக்கி இறக்குங்கள். கீரை சேர்க்க நினைத்தால் வதக்கி, ஆறியதும் இரண்டு கையாலும் பிழிந்து சேர்க்க வேண்டும். உறைய வைத்த கீரைக்கு இது இன்னும் அவசியம்.

பாஸ்தாவை முன்கூட்டியே வடித்தல்

பொட்டலத்தில் 11 நிமிடம் என்று போட்டிருந்தால் 8 நிமிடத்தில் வடித்துவிடுங்கள். ஒன்றைக் கடித்துப் பார்த்தால் நடுவில் மெல்லிய வெள்ளைப் புள்ளி தெரிய வேண்டும், சாப்பிட முடியும், ஆனால் இன்னும் வேக வேண்டும் என்று தோன்ற வேண்டும். ஃபாயிலுக்குள் இருக்கும் நேரத்தில் பாஸ்தா சாஸின் ஈரத்தை இழுத்துக்கொண்டு மீதியை வெந்துகொள்ளும். முழுதும் வெந்த பாஸ்தாவும் இழுக்கத்தான் செய்யும், ஆனால் அதற்கு வேகவேண்டியது எதுவும் மிச்சமில்லாததால் ஊதிக் குழைந்துவிடும்.

வேகவைக்கும் தண்ணீருக்கு லிட்டருக்கு 10 கிராம் உப்பு போதும். வடிக்கும் முன் ஒரு கோப்பைத் தண்ணீரை எடுத்து வையுங்கள். வடித்த பாஸ்தாவைக் குளிர்ந்த நீரில் அலசாதீர்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் மாவுச்சத்து போனால் சாஸ் பிடிக்காது, சூடும் வீணாகும்.

சாஸ்: தோன்றுவதைவிட நீர்க்க

வெண்ணெயை மிதமான தீயில் உருக்கி மைதாவைக் கொட்டிக் கிளறுங்கள். நிறம் மாற விடாமல் இரண்டு நிமிடம் வறுத்தால் பச்சை மாவு வாசனை போய்விடும். பாலை முதலில் கால் கோப்பை அளவு ஊற்றி, கட்டியில்லாமல் பசைபோல் ஆன பிறகு அடுத்த கால் கோப்பை, பிறகு மீதியைத் தாராளமாக ஊற்றலாம். பால் வெதுவெதுப்பாக இருந்தால் கட்டி பிடிப்பது குறையும். கிளறிக்கொண்டே கொதி வரவிட்டு, கொதித்த பிறகு சிறு தீயில் நான்கைந்து நிமிடம் வையுங்கள். கொதி வராமல் மாவு முழுவதும் கெட்டியாகாது. வராத நிலையிலேயே சாஸ் இவ்வளவுதான் கெட்டியாகும் என்று நினைத்து மைதாவைக் கூட்டினால், ஓவனில் களியாகிவிடும்.

அடுப்பை அணைத்து இரண்டு நிமிடம் பொறுத்து, செடாரை மூன்று தடவையாகப் போட்டுக் கலக்குங்கள். கொதிக்கும் சாஸில் சீஸ் போட்டால் அதன் புரதம் இறுகி எண்ணெய் பிரியும். சாஸ் மணல்மணலாக நாக்கில் தட்டுப்படும். அப்படி ஆகிவிட்டால் மறுபடி சூடாக்கிச் சரிசெய்ய முடியாது. பிறகு பாஸ்தா தண்ணீர், மிளகு, ஜாதிக்காய் சேருங்கள். உப்பைச் சீஸ் கலந்த பிறகு ருசி பார்த்துத்தான் போட வேண்டும்.

இந்தக் கட்டத்தில் சாஸ் கரண்டியின் பின்பக்கத்தில் மெல்லியதாகப் படிந்து, சாய்த்தால் வழிந்தோட வேண்டும். பாஸ்தா, காய்கறி எல்லாம் கலந்து பாத்திரத்தில் கொட்டிய பிறகு ஒரு பக்கம் தூக்கிப் பாருங்கள், சாஸ் மெதுவாக அடுத்த மூலைக்கு ஓட வேண்டும். பார்ப்பதற்கு ஏதோ தண்ணீராக இருக்கிறதே என்று கவலை வரும். அந்த அளவுதான் சரி. அரைவேக்காட்டுப் பாஸ்தா இருபது நிமிடத்தில் கணிசமாக இழுத்துக்கொள்ளும், பிறகு ஆறும்போது மாவுச்சத்து இன்னும் இறுகும். ஓடாமல் அப்படியே நின்றால் பாஸ்தா தண்ணீரோ பாலோ 100 மில்லி சேர்த்துக் கிளறுங்கள். வெந்து முடிந்தபின் வறண்டுபோன பாஸ்தாவைச் சரிசெய்ய வழி இல்லை.

பாத்திரத்துக்கு முன்பே வெண்ணெய் தடவியிருக்க வேண்டும். விளிம்புக்கு ஒரு சென்டிமீட்டராவது கீழே கலவை நிற்கட்டும். விளிம்பில் சிந்திய சாஸைத் துடைத்துவிடுங்கள், அங்கே அது கருகிப் பிடித்துக்கொள்ளும், ஃபாயிலும் இறுக ஒட்டாது.

முதல் கட்டம்: ஃபாயிலுக்கு உள்ளே

ஓவனை 190 டிகிரிக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். காற்றாடி ஓடும் ஓவனாக இருந்தால் 170 போதும்.

மேலே தூவும் சீஸை இப்போது போட வேண்டுமா என்பதில் பல பழக்கங்கள் இருக்கின்றன. ஃபாயிலுக்கு முன்பே போட்டுவிடுபவர்கள் அதிகம், அதுவும் சாப்பிடும்படிதான் வரும். ஆனால் ஃபாயில் திறந்த பிறகு போடுவதே நல்லது. இருபத்தைந்து நிமிடம் ஆவியில் கிடக்கும் சீஸ் முழுக்க உருகி, எண்ணெய் விட்டு, அதன்பின் இன்னொரு கால் மணி நேரம் காயும்போது தோல்போல இறுகிவிடுகிறது. போதாததற்குப் பாதி சீஸ் ஃபாயிலோடு உரிந்து வரும். திறந்தபின் தூவினால் உருகுவதும் சிவப்பதும் அடுத்தடுத்து நடக்கும், சீஸ் இழை இழையாக இருக்கும்போதே நிறமும் வந்துவிடும். வெண்ணெயில் பிசறிய ரொட்டித்தூள் போடுகிறவர்களுக்கு இதில் விவாதமே கிடையாது. ஆவியில் அது நனைந்து கஞ்சியாகும், திறந்த பிறகுதான் போட வேண்டும்.

சாதாரண 30 சென்டிமீட்டர் அகல ஃபாயில் சுருளில் 45 சென்டிமீட்டர் நீளம் வெட்டி, நீளவாக்கில் மூடுங்கள். நடுவில் ஒரு மடிப்பு விட்டுக் கூடாரம்போல இரண்டு சென்டிமீட்டர் உயர்த்தினால் கலவையைத் தொடாது. விளிம்புகளைச் சுற்றிலும் விரலால் அழுத்தி மடியுங்கள். ஒரு மூலை திறந்திருந்தாலும் ஆவி அங்கே போய்விடும், அந்தப் பக்கப் பாஸ்தா மட்டும் விறைத்துக் கிடக்கும். பளபளப்பான பக்கம் உள்ளேயா வெளியேயா என்று யோசிக்க வேண்டாம், சாதாரண ஃபாயிலில் அதனால் வேறுபாடு இல்லை. ஒட்டாத பூச்சு உள்ள ஃபாயிலில் மட்டும் உறையில் சொல்லியிருக்கும் பக்கத்தை உணவைப் பார்த்து வைக்க வேண்டும்.

தக்காளிச் சாஸில் செய்தால் ஒரு கவனம் தேவை. அதன் புளிப்பும் உப்பும் அலுமினியத்தை அரிக்கும்; ஃபாயில் படும் இடத்தில் ஊசித் துளைகள் விழுந்து, உணவில் சாம்பல்நிறப் புள்ளிகள் தெரியும். அப்போது பேக்கிங் தாளை முதலில் விரித்து, அதற்கு மேல் ஃபாயிலை மூடுங்கள்.

நடுத்தட்டில், அடியில் ஒரு தட்டு வைத்து 25 நிமிடம். மேலே வெப்பக் கம்பி உள்ள சிறிய ஓவன் என்றால் ஃபாயில் கம்பியைத் தொடாமல் இருக்கிறதா என்று கதவை மூடும் முன் பார்த்துவிடுங்கள்.

நேரத்தைவிட அடையாளத்தை நம்புவது பாதுகாப்பு. ஃபாயிலைத் திறக்கும்போது ஓரங்களில் சாஸ் குமிழியிட்டுக்கொண்டிருக்க வேண்டும். நடுவில் மெல்லிய கத்தியைக் குத்திப் பத்து விநாடி வைத்து எடுத்து, மணிக்கட்டின் உள்பக்கத்துக்கு அருகில் கொண்டுபோனால் சூடு நன்றாகத் தெரிய வேண்டும். வெப்பமானி இருந்தால் நடுவில் 74 டிகிரி காட்டட்டும். வரவில்லையென்றால் மறுபடி மூடி ஐந்தைந்து நிமிடமாக நீட்டுங்கள். நடு சூடாகாத நிலையில் திறந்துவிட்டால் அதன்பின் மேலே காயும் வேகத்துக்கு உள்ளே ஈடுகொடுக்காது. தொடக்கத்தில் சொன்ன முதல் வகைச் சொதப்பல் இப்படித்தான் பிறக்கிறது.

மேற்சொன்ன 25 நிமிடம் சாஸும் பாஸ்தாவும் சூடாக இருக்கும்போதே ஓவனுக்குள் போனால்தான். முந்தைய நாளே கலந்து குளிர்சாதனப் பெட்டியில் வைத்ததென்றால் மூடிய கட்டமே 45 முதல் 50 நிமிடம் ஆகும். கண்ணாடிப் பாத்திரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து நேராகச் சூடான ஓவனில் வைக்காதீர்கள், வெடிக்கும். முந்தைய நாள் செய்து வைப்பதாக இருந்தால் உலோகம் அல்லது ஓவனுக்கான பீங்கான் பாத்திரத்தைத் தேர்ந்தெடுங்கள். பாஸ்தா இரவெல்லாம் சாஸை இழுக்கும் என்பதால் பாலையும் 150 மில்லி கூட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டாம் கட்டம்: திறந்து சிவக்க விடுதல்

ஃபாயிலைத் திறக்கும்போது முதலில் உங்களுக்கு எதிர்ப்பக்க விளிம்பைத் தூக்குங்கள். உள்ளே அடைபட்டிருந்த ஆவி அந்தப் பக்கமாகப் போகட்டும், முகத்தில் அடிக்க வேண்டாம். ஃபாயிலின் அடியில் தண்ணீர் முத்துமுத்தாகத் தொங்கும். அதைக் கலவையின் மேல் சொட்டவிடாமல் பக்கவாட்டில் நகர்த்தி எடுங்கள்.

திறந்த பாத்திரத்தைச் சீஸ் இல்லாமலே மூன்று நிமிடம் ஓவனில் விடுங்கள். மேற்பரப்பு ஈரம் சற்று அடங்கும். பிறகு வெளியே எடுத்து மொசரெல்லாவையும் பார்மேசானையும் கலந்து, ஓரங்களுக்கு ஒரு விரல் இடம் விட்டுத் தூவி, ஓவனின் மேல் மூன்றில் ஒரு பகுதிக்குத் தட்டை மாற்றி 12 முதல் 15 நிமிடம் வையுங்கள்.

எந்தச் சீஸ் என்பது முக்கியம். நீர் குறைந்த, கட்டியாக விற்கும் மொசரெல்லாதான் உருகி இழுபட்டு ஆங்காங்கே பழுப்புக் கொப்புளம் விடும். நீரில் மிதக்கும் புதிய மொசரெல்லா தன் ஈரத்தைக் கலவைமேல் விட்டுவிடும், சிவக்கவும் மறுக்கும். பார்மேசான் சீக்கிரம் நிறம் பிடிக்கும், ஆனால் தனியாகப் போட்டால் உருகி இழைக்காது. செடாரை மட்டும் மேலே போட்டால் ருசி நன்றாக இருக்கும், எண்ணெய் அதிகம் மிதக்கும். துருவியே விற்கும் சீஸில் ஒட்டாமலிருக்க மாவுப்பொடி தூவியிருப்பார்கள், அதனால் அது அவ்வளவு மிருதுவாக உருகாது. கட்டியாக வாங்கித் துருவுவதற்கு இரண்டு நிமிடம்தான் ஆகும்.

பொன்னிறத்தில் பழுப்புப் புள்ளிகள் பரவி, ஓரத்துக் குமிழிகள் தடித்து மெதுவாக வெடிக்கத் தொடங்கினால் ஆகிவிட்டது. பதினைந்து நிமிடத்துக்குப் பிறகும் வெளிறியே இருந்தால் இன்னும் நேரத்தைக் கூட்டுவதில் பயனில்லை. அதிக நேரம் மிதமான சூட்டில் இருக்கும் சீஸ் சிவப்பதற்குள் எண்ணெய் விட்டு இறுகிவிடும். மேல் கம்பியை மட்டும் கிரில் முறையில் போட்டு, கம்பிக்கும் உணவுக்கும் 12 முதல் 15 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு, கதவுக்கு முன்னாலேயே நின்று 2 முதல் 3 நிமிடம். பொன்னிறத்துக்கும் கருகலுக்கும் இடையே இங்கே அரை நிமிடம்தான், நடுவில் தொலைபேசியை எடுக்க வேண்டாம். கண்ணாடிப் பாத்திரத்தை மட்டும் கிரிலுக்குக் கீழே வைக்கக் கூடாது. அதற்கு மாற்றாக 220 டிகிரிக்கு ஏற்றி, மேல் தட்டில் ஐந்து நிமிடம் வைக்கலாம்.

மறுபக்கமும் நடக்கும். ஒரு மூலை சீக்கிரம் கறுத்து மற்ற இடம் வெள்ளையாக இருந்தால் பாத்திரத்தைத் திருப்பி வையுங்கள், கறுக்கும் இடத்தில் மட்டும் சிறு ஃபாயில் துண்டைத் தளர்வாகப் போடுங்கள்.

வெளியே எடுத்ததும் உடனே பரிமாறினால் சாஸ் தட்டில் ஓடும். 10 முதல் 15 நிமிடம் திறந்தபடியே ஆறவிட்டால் மாவுச்சத்து இறுகி, கரண்டியால் எடுக்கும்போது துண்டாக வரும். இந்த நேரத்தில் சூடு போய்விடுமே என்று மறுபடி ஃபாயிலால் மூடுவது பலருக்கும் வருகிற யோசனை. மூடினால் மேலேறும் ஆவி, சிவந்த சீஸை மீண்டும் நனைத்துவிடும்.

பாஸ்தா இல்லாமல், உருளைக்கிழங்கில்

இதே முறைதான், மூடிய கட்டம் மட்டும் நீளும். மூன்று மில்லிமீட்டர் தடிமனில் அரிந்த ஒரு கிலோ பச்சை உருளைக்கிழங்கை ஒயிட் சாஸில் அடுக்கினால் 190 டிகிரியில் மூடி 45 முதல் 50 நிமிடம், கத்தி தடையில்லாமல் இறங்கும்வரை. பிறகுதான் சீஸ். தக்காளிச் சாஸில் பச்சைக் கிழங்கை அடுக்காதீர்கள், புளிப்பில் கிழங்கு வேக மறுக்கும், ஒரு மணி நேரம் கழித்தும் நறுக்கென்றே இருக்கும். முக்கால் வேக்காடு தனியாக வேகவைத்துக்கொண்டு சேர்ப்பதே வழி.

மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மூன்று நாளைக்குள் சாப்பிட்டுவிடலாம். மறுபடி சூடாக்கும்போது துண்டுகளின்மேல் இரண்டு மேசைக்கரண்டி பால் தெளித்து, ஃபாயில் மூடி 180 டிகிரியில் 20 நிமிடம், திறந்து 5 நிமிடம் வையுங்கள். நுண்ணலை அடுப்பில் சூடாக்குவதானால் ஃபாயிலை எடுத்துவிட்டு, அதற்கேற்ற மூடியைப் போடுங்கள்.